தேர்வுக்கு வராத பாடம்

மிதித்த ஆக்சிலேட்டர் மேலே வராமல் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது? ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் இதைக் கற்பிக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. பிரேக் செயலிழப்பது, டயர் வெடிப்பது ஆகியவற்றோடு இதுவும் பாடத்திட்டத்தில் இருக்கிறது. உரிமத் தேர்வில்தான் இதை யாரும் கேட்பதில்லை. தேர்வுக்கு வராததை எந்தப் பள்ளி நடத்தும்?

அனுபவம் கைகொடுக்கும் என்பார்கள். 2009 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் சாண்டீயில் ஒரு லெக்சஸ் காரை ஓட்டியவர் நெடுஞ்சாலைக் காவல் அதிகாரி. வேறு மாடலுக்கான ரப்பர் தரைவிரிப்பு பெடலைப் பிடித்துக்கொண்டது. காரில் இருந்த நால்வரும் இறந்தனர். அதே காரை அதே விரிப்போடு சில நாட்களுக்கு முன் இரவல் வாங்கியிருந்த இன்னொருவருக்கும் பெடல் சிக்கியிருந்தது. அவர் பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறைத்து, நியூட்ரலுக்கு மாற்றி ஓரங்கட்டிவிட்டார். கார் நின்ற பிறகுதான் விரிப்பைப் பார்த்தார்.

முதல் வேலை, பிரேக்கை ஒரே அழுத்தாக முழுப் பலத்தோடு மிதித்து அப்படியே வைத்திருப்பது. விட்டு விட்டு மிதிப்பதுதான் பலரும் செய்யும் தவறு. பெட்ரோல் காரில் பிரேக்குக்குத் துணைபோகும் வெற்றிடம் எஞ்சினிலிருந்து வருகிறது. ஆக்சிலேட்டர் முழுதாகத் திறந்திருக்கையில் அது மறுபடி சேராது. இரண்டு மூன்று முறை மிதித்துவிட்டால் பிரேக் கல்லாகிவிடும்.

பிரேக்கில் கால் இருக்கும்போதே கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு மாற்றவேண்டும். ஆட்டோமேட்டிக் என்றால் நேராக N. எஞ்சின் அலறும்; அலறட்டும். சக்கரத்துக்கு இனி விசை போகாது. எச்சரிக்கை விளக்கைப் போட்டு இடப்பக்கம் ஒதுங்கி நிறுத்திய பிறகே எஞ்சினை அணைக்கலாம். ஓடும்போது சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். பொத்தான் வகை கார்கள் பலவற்றில், ஓடும்போது ஒரு தட்டுக்கு எஞ்சின் அணையாது; சாண்டீ காரில் 3 விநாடி அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். பெடலைக் கையால் இழுக்கக் குனிவது கூடவே கூடாது. சாலையிலிருந்து கண் போய்விடும்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில், மடவார் வளாகத்தை ஒட்டிக் கோயிலுக்கு வருபவர்கள் குறுக்கே நடக்கும் இடத்தில், இதை யோசித்துக் கண்டுபிடிக்க நேரம் இருக்காது. கால் பழகியிருக்க வேண்டும்.

அதற்குப் புதிய சட்டமோ செலவோ தேவையில்லை. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் உரிமத் தேர்வைத் தொடங்குமுன், எஞ்சினை அணைத்து நிற்கும் காரிலேயே ஆய்வாளர் “ஆக்சிலேட்டர் சிக்கிடுச்சு” என்று சொல்லட்டும். பிரேக், கிளட்ச், நியூட்ரல் என்று அந்த வரிசையில் காலும் கையும் போகாதவரை மறுநாள் வரச் சொல்லலாம். ஓட்டுநர் பக்க விரிப்பு கொக்கியில் மாட்டியிருக்கிறதா, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கிடக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். தகுதிச் சான்றுக்கு வரும் வாடகை வண்டிகளிலும் இதைச் சோதிக்கவேண்டும்.