எந்த எஸ்.ஆர்.ரி.எம்?

2004 டிசம்பர் 26 அன்று இலங்கையில் மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது ஊடாகத் தெற்கே நீளும் கரையில் அதை நினைவூட்ட எவரும் தேவையில்லை. அதன் பின்னர் இலங்கையின் கரையோர வெள்ள ஆபத்தைக் கணித்து எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றைச் செய்தித் தேவைக்காகவும் சொந்த ஆர்வத்தினாலும் வாசித்து வந்திருக்கிறேன். அவற்றில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் ஒரு வாக்கியம்: "நில உயரத் தரவு எஸ்.ஆர்.ரி.எம் இலிருந்து பெறப்பட்டது."

அவ்வளவுதான். அதே கட்டுரையின் இறுதியில், 1970களில் எவரோ எழுதிய ஒரு நூலுக்குப் பதிப்பகம், ஊர், பக்க எண் வரை கொடுக்கப்பட்டிருக்கும். முழுக் கணிப்பும் எதன்மீது நிற்கிறதோ அந்தத் தரவுக்கு மட்டும் ஒரு பெயர் போதும் என்று ஆய்வாளரும் நினைக்கிறார், மதிப்பீட்டாளரும் நினைக்கிறார். இது சோம்பல் என்று மட்டும் சொல்லி விட்டுவிடக்கூடியதல்ல. சரிபார்ப்பதற்கான வழியையே அடைத்துவிடும் செயல் இது.

எஸ்.ஆர்.ரி.எம் என்பது 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் பதினொரு நாட்கள் பூமியைச் சுற்றி ராடர் மூலம் எடுத்த உயர அளவீடு. பறந்தது ஒரு தடவை. வெளியான பதிப்புகளோ பல. முதற் பதிப்பில் கடற்கரைக் கோடு துப்புரவு செய்யப்படவில்லை. கடல் நீரே மேடும் பள்ளமுமாகத் தெரியும். இரண்டாம் பதிப்பில் கடலும் நீர்நிலைகளும் சீராக்கப்பட்டன; ஆனால் அளவீடு கிடைக்காத இடங்கள் வெற்றிடங்களாக எஞ்சின. மூன்றாம் பதிப்பில் அவை வேறு தரவுகளைக் கொண்டு நிரப்பப்பட்டன. மூல ராடர் பதிவுகளையே மீண்டும் கணித்து 2020இல் நாசாடெம் வெளியானது. இவற்றோடு நாசாவுக்கு வெளியே ஒரு வேளாண் ஆய்வு வலையமைப்பு தயாரித்த நிரப்பப்பட்ட பதிப்பும் பரவலாகப் புழங்குகிறது. இத்தனைக்கும் மேலே ஒட்டப்படும் சீட்டு ஒன்றே: எஸ்.ஆர்.ரி.எம்.

இனிக் கல்முனைக்கு வருவோம். நமது ஊர் வடக்கு அகலாங்கு 7 பாகைக்கும் கிழக்கு நெட்டாங்கு 81 பாகைக்கும் சற்று அப்பால் இருப்பதால், நாசா வடிவத்தில் அதற்குரிய கோப்பு `N07E081.hgt`. 2014 செப்டெம்பரில் அமெரிக்கா அறிவித்து, பின்வந்த மாதங்களில் கட்டம் கட்டமாக வெளியிடும் வரை, இலங்கைக்குப் பொதுவில் கிடைத்தது ஏறத்தாழ 90 மீற்றர் கட்டங்கள் கொண்ட தரவு மட்டுமே. அதன் பிறகு 30 மீற்றர் தரவு வந்தது. இரண்டு கோப்புகளுக்கும் பெயர் ஒன்றே! முதலாவதில் 1201 நிரை, 1201 நிரல். இரண்டாவதில் 3601 நிரை, 3601 நிரல். ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு பைட்டுகள் என்பதால் முதற் கோப்பின் அளவு 2,884,802 பைட்டுகள், இரண்டாவதினது 25,934,402 பைட்டுகள். கோப்பைக் கையில் வைத்திருப்பவர் அளவைப் பார்த்தாவது கண்டுபிடிப்பார். கட்டுரையை மட்டும் வைத்திருப்பவர் என்ன செய்வார்?

இந்த வித்தியாசம் நமக்கு ஏன் முக்கியம்? 2005இல் அரசு கிழக்கிலும் வடக்கிலும் கடலோரத்தில் 200 மீற்றரும், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றரும் கட்டடம் எழுப்பக் கூடாத வலயமாக அறிவித்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டது என்பது வேறு கதை. 200 மீற்றருக்குள் 90 மீற்றர்க் கட்டங்கள் எத்தனை அடங்கும்? இரண்டே இரண்டு. 30 மீற்றர்க் கட்டங்களானால் ஆறு அல்லது ஏழு. ஒரு குடும்பத்தின் வளவு சிவப்பு வலயத்துக்குள் விழுகிறதா, வெளியே நிற்கிறதா என்று இரண்டு கட்டங்களை வைத்துச் சொல்பவர், அந்த இரண்டு எவை என்றாவது சொல்ல வேண்டாமா?

உயரத்தின் கதையும் அப்படியே. அந்த ராடர் நிலத்தை மட்டும் பார்ப்பதில்லை. தென்னஞ்சோலையின் தலையையும் வீட்டுக் கூரையையும் ஓரளவு நிலமென்றே எண்ணிக்கொள்கிறது. நெருக்கமாகக் குடியிருக்கும் தாழ்நிலக் கரையில் இதன் விளைவு, நிலம் உள்ளதைவிட உயரமாகத் தெரிவது. அதாவது, ஆபத்துக் குறைவாகத் தெரிவது. 2019இல் ஸ்கொட் கல்ப், பெஞ்சமின் ஸ்ட்ராஸ் ஆகிய இருவரும் நேச்சர் கொமியூனிகேஷன்ஸ் இதழில் எழுதிய கட்டுரை இதை உலக அளவில் காட்டியது. எஸ்.ஆர்.ரி.எம் படி, இன்றைய உயர் அலைமட்டத்துக்குக் கீழான நிலத்தில் வாழ்வோர் 2 கோடி 80 இலட்சம் பேர். திருத்தப்பட்ட உயரத் தரவின்படி 11 கோடி பேர். கடலும் அதேதான், மக்களும் அவர்களேதான். மாறியது தரவு மட்டுமே.

எதிலிருந்து உயரம் அளக்கப்பட்டது என்பதும் எழுதப்பட வேண்டும். எஸ்.ஆர்.ரி.எம் 1996ஆம் ஆண்டின் புவியீர்ப்பு மாதிரியைக் கடல்மட்டமாகக் கொள்கிறது; ஐரோப்பாவின் கோப்பர்னிக்கஸ் தரவு 2008ஆம் ஆண்டின் மாதிரியைக் கொள்கிறது. ஜெர்மனியின் டான்டெம்-எக்ஸ் தரவோ கடல்மட்டத்தையே கருதாமல் கணித நீள்கோளத்திலிருந்து அளக்கிறது. இலங்கையைச் சூழ்ந்த கடல் அந்த நீள்கோளத்துக்கு ஏறத்தாழ 100 மீற்றர் கீழே இருப்பதால், அதை மாற்றாமல் எடுத்தவர் கல்முனை கடலடியில் கிடப்பதைக் கண்டு உடனே விழித்துக்கொள்வார். ஆனால் 1996க்கும் 2008க்கும் இடையிலான சிறு வித்தியாசம் எவரையும் எழுப்பாது. ஆபத்தானது அதுவே.

மென்பொருளின் கதை இன்னும் மோசம். சுனாமி வெள்ளத்தைக் கணிக்க அவுஸ்திரேலியாவில் உருவாக்கப்பட்ட அனுகா என்னும் திறந்த மூல மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூலநிரல் முதலில் சோர்ஸ்போர்ஜ் தளத்தில் இருந்தது, பின்னர் கிட்ஹப்புக்கு வந்தது, அங்கும் இன்று வேறு பெயரிலான கணக்கில் வளர்கிறது. இடையில், பயனர் எதுவும் சொல்லாவிட்டால் தானாக இயங்கும் கணிப்பு முறையும் மாற்றப்பட்டது. ஆகவே "அனுகா பயன்படுத்தப்பட்டது" என்று எழுதி ஓர் இணைய முகவரியைக் கொடுப்பது, "வீரகேசரியில் வந்தது" என்று சொல்லித் திகதியை விட்டுவிடுவதற்கு ஒப்பானது. பத்திரிகைக்காரர்களாகிய எங்களுக்கு நகரப் பதிப்பும் பிரதேசப் பதிப்பும் ஒன்றல்ல என்பது நன்றாகத் தெரியும். காலையில் ஒரு பதிப்பில் இருந்த தலைப்பு மற்றதில் இல்லாமற் போனதுண்டு.

இதற்கு வேண்டிய உழைப்புத்தான் எவ்வளவு? மூன்று கட்டளைகள்:

```
ls -l N07E081.hgt
sha256sum N07E081.hgt
git rev-parse HEAD
```

முதலாவது கோப்பின் அளவைச் சொல்லும். இரண்டாவது கோப்பின் கைரேகை. ஒரு பைட் மாறினாலும் அது மாறிவிடும். மூன்றாவது, மூலநிரல் எந்த நிலையில் இருந்தபோது கணிப்பு ஓடியது என்பதன் அடையாள எண். ஆனால் ஆய்வாளர் தன் கணினியில் நிரலைத் திருத்திவிட்டுப் பதியாமல் ஓட்டியிருந்தால் அந்த எண் பொய் சொல்லும்; `git status` கேட்டால் குட்டு வெளிப்படும். களஞ்சியம் நாளை அழிக்கப்படலாம் என்பதற்காக, அந்த நிலையின் பிரதியொன்றைச் செனோடோவில் வைத்து நிலையான எண் பெறும் வசதி 2014 முதலே இருக்கிறது. கட்டணமும் இல்லை.

அதன்பின் கட்டுரையில் எழுத வேண்டியது இவ்வளவே: நாசா ஜே.பி.எல், 2013, எஸ்.ஆர்.ரி.எம் 1 பாகைச் செக்கன், பதிப்பு 3, கோப்பு `N07E081`, `doi:10.5067/MEaSUREs/SRTM/SRTMGL1.003`, தரவிறக்கிய திகதி. அந்த முகவரியின் வாலில் உள்ள `003` தான் பதிப்பு எண். ஒரே வரி. இடமில்லை என்று சொல்பவர்கள் தங்கள் முன்னுரையிலிருந்து ஒரு புகழ்ச்சி வாக்கியத்தை நீக்கட்டும்.

"இலவசத் தரவுதானே, யாரும் எடுத்துக்கொள்ளலாமே" என்று ஒரு விரிவுரையாளர் என்னிடம் வாதாடினார். இலவசமாக எடுக்கலாம் என்பது உண்மை. எதை எடுப்பது என்று தெரிந்தால். "அரசுத் திணைக்களத் தரவைப் பகிர அனுமதியில்லை" என்பது இன்னொரு பதில். பகிர வேண்டாம், ஐயா. அதன் பெயரையும் அளக்கப்பட்ட ஆண்டையும் பதிப்பையும் எழுத யார் தடை விதித்தார்கள்?

பதிப்பு எண் எழுதப்பட்டுவிட்டதால் தரவு சரியாகிவிடாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாம் பதிப்பும் 2000ஆம் ஆண்டின் நிலத்தையே காட்டுகிறது, சுனாமிக்கு முந்திய கரையை. உயரத்தை அது முழு மீற்றர்களில் மட்டுமே தருகிறது. திட்டமிடப்பட்ட துல்லியம் 16 மீற்றருக்குள் என்பதாகவே இருந்தது. மூன்று மீற்றரா, நான்கு மீற்றரா என்று வழக்காடும் நம் கரைக்கு அது போதுமா என்ற கேள்வியைச் சாய்ந்தமருதில் கடலைப் பார்த்தபடி வீடு கட்டியிருப்பவர் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். எந்தத் தரவு என்று கட்டுரை சொன்னால் மட்டுமே அவருக்காக வேறொருவர் அதே கணிப்பைச் சிறந்த தரவொன்றைக் கொண்டு மீண்டும் ஓட்டி, கோடு எங்கே நகர்கிறது என்று பார்க்க முடியும்.