பெட்டியில் கோட்டுக்கு இடம் வேண்டாம்

செப்டம்பர் பிறந்துவிட்டால் நம் தெருவில் இரண்டு வீட்டிலாவது பெரிய பெட்டி ஹாலுக்கு வந்துவிடுகிறது. என் தங்கையின் பேத்தி ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோ நகருக்கு மேல்படிப்புக்குப் போகிறாள். அவளுக்குத் துணி அடுக்கும் பஞ்சாயத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். அங்கே சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்: கனமான கோட்டை இங்கிருந்து வாங்கி அனுப்பாதீர்கள்.

வெளிநாடு என்றாலே பனிமலை என்று நினைத்துக்கொள்கிறோம். கிளாஸ்கோவில் ஜனவரியில்கூடப் பகலில் 6, 7 டிகிரி இருக்கும். அந்த ஊரின் தொல்லை மழை. சென்னையில் ஓராண்டில் பெய்யும் அளவைவிட அங்கே சற்றுக் குறைவுதான். ஆனால் நமக்கு இரண்டு மூன்று மாதத்தில் கொட்டித் தீர்ப்பதை, அவர்களுக்கு வருடம் முழுவதும் தூறலாகத் தூவுகிறது. கூடவே காற்று. குடை இரண்டே நாளில் கம்பி மடங்கிப் போகும்.

இங்கே கடையில் கிடைக்கும் தடித்த கம்பளிக் கோட்டும் பஞ்சு அடைத்த ஜாக்கெட்டும் சிம்லா போகிறவர்களுக்குப் பொருந்தும். காய்ந்த குளிருக்கு நல்லது. தூறலில் அரை மணி நடந்தால் நீரைக் குடித்துக் கனத்துவிடும், காய ஒரு நாள் ஆகும். 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று சீட்டில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். அது கொஞ்ச நேரத் தூறலைத்தான் தாங்கும். ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பித் தையல்களைப் பாருங்கள். தையல் மேல் பட்டையாக ஒரு டேப் ஒட்டியிருந்தால்தான் அது மழைக்கு ஆனது. இல்லையென்றால் ஊசித் துளை வழியாகத் தோளில் தண்ணீர் இறங்கும். ஆகவே முதல் பத்து நாளுக்கு ஒரு மெல்லிய மழை ஜாக்கெட் இங்கிருந்து போகட்டும். கோட்டுக்கான பணத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுங்கள். அக்டோபரில் அந்த ஊர்க்காரர்கள் என்ன போட்டு நடக்கிறார்கள் என்று பார்த்து அவளே வாங்கிக்கொள்வாள்.

இன்னொன்று, வகுப்பறையிலும் விடுதியிலும் ஹீட்டர் ஓடும். உள்ளே ஏறக்குறைய நம் ஊர் மார்கழி மாதிரிதான். தடித்த ஸ்வெட்டர் ஒன்றுக்குப் பதில் மெல்லியதாக மூன்று அடுக்கு போட்டால், உள்ளே போனதும் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். உடலை ஒட்டிப் போடும் தெர்மல் இரண்டு செட் போதும். அது பருத்தியில் வேண்டாம், வியர்வை பட்டால் ஈரம் போகாது. உள்ளாடையும் சாக்ஸும் மட்டும் தாராளமாக, பத்துப் பன்னிரண்டு வைக்கலாம். அங்கே துவைக்கும் இயந்திரத்துக்கு ஒவ்வொரு தடவையும் காசு போட வேண்டும், வாரம் ஒருமுறைதான் துவைப்பார்கள். காயப்போட மாடிக் கொடி கிடையாது. டிரையரில் போட்டால் பருத்திச் சுடிதார் ஒரு விரற்கடை சுருங்கும், சாயமும் போகும். நல்ல சுடிதாரை அதில் போடாதே என்று முன்பே சொல்லி வையுங்கள்.

தங்கை எடுத்து வைத்த துணிகளையும் செருப்பு ஷூக்களையும் தொங்கு தராசில் நிறுத்தோம். 18 கிலோ! ஓவர்கோட் 2, ஊட்டியில் வாங்கிய ஸ்வெட்டர்கள் ஒன்றரை, ஜீன்ஸ் ஆறு சேர்ந்து மூன்றரை, சுடிதார் பன்னிரண்டு செட் ஐந்து. கோட்டும் ஸ்வெட்டர்களும் வெளியே போயின. மூன்று ஜீன்ஸ், நான்கு சுடிதார். அதில் கனமான ஜீன்ஸையும் பெரிய ஷூவையும் விமானத்தில் போட்டுக்கொண்டே போகச் சொன்னேன். மீண்டும் நிறுத்தபோது 9 கிலோவுக்கு வந்தது. மிச்ச இடத்தில் புளியும் பருப்புப் பொடியும் ஏறின என்பது வேறு கதை.

காலுக்கு இரண்டு ஜோடி ஷூ அவசியம். ஒன்று நனைந்தால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து வைத்தாலும் காய ஒன்றிரண்டு நாள் ஆகும். வலைத்துணி வைத்த ஸ்போர்ட்ஸ் ஷூவில் முதல் குட்டையிலேயே தண்ணீர் புகுந்துவிடும், எனவே ஒன்றாவது மேல்பகுதி மூடியதாக, அடியில் ஆழமான வரி உள்ளதாக இருக்கட்டும். தடித்த சாக்ஸ் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். புது ஷூவைப் பெட்டியில் வைத்து அனுப்பாமல் மூன்று வாரம் இங்கேயே போட்டு நடக்கச் சொல்லுங்கள். குதிகாலில் கடிக்கிறதென்றால் இங்கே தெரியட்டும். குளியலறைக்கு நம் ஹவாய் செருப்பு ஒன்று கட்டாயம்.

பட்டுப்புடவையில்தான் சண்டை வந்தது. இரண்டு வேண்டும் என்றாள் தங்கை. "பாட்டி, அங்கே யார் எனக்கு மடிப்பு எடுத்துவிடுவா?" என்றாள் பேத்தி. தீபாவளிக்கு ஒன்று என்று தீர்ப்பாயிற்று. ரவிக்கை மட்டும் உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத் தைக்க வேண்டும் என்று தையல்காரரிடம் சொல்லியிருக்கிறோம். ஒரு வருடத்தில் உடம்பு ஏறினாலும் பிரித்துக்கொள்ளலாம். அங்கே ஒரு தையல் பிரித்துப் போடக் கேட்கும் கூலியில் இங்கே புது ரவிக்கையே தைத்துவிடலாம்.