0.04 சதவீதம் என்ன செய்துவிடும்?

"காத்துல 0.04 சதவீதம்தானே கார்பன் டை ஆக்சைடு, அது என்ன செஞ்சிடும்?" என்று கேட்பவர்களிடம், மற்ற 99 சதவீதத்தைப் பாருங்கள் என்பேன். நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகளில் ஒரே மாதிரி இரண்டு அணுக்கள். எப்படி அதிர்ந்தாலும் மின்சுமை ஒரு பக்கம் சாயாது; பூமி வெளியிடும் அகச்சிவப்புக் கதிர் அவற்றைத் தாண்டிப் போய்விடும். கார்பன் டை ஆக்சைடும் நேர்கோடுதான். ஆனால் அது வில் மாதிரி வளையும்போது சமச்சீர் குலைந்து, 15 மைக்ரோமீட்டர் கதிரை விழுங்குகிறது. பூமி வெப்பத்தை வலுவாக வெளியேற்றும் பகுதியும் அதுதான்.

"அந்த வழிதான் ஏற்கெனவே அடைபட்டாச்சே?" என்பார்கள். நடுப்பகுதி மட்டும்தான். வாயு கூடக்கூட, இன்னும் பாதி திறந்திருக்கும் இரு ஓரங்களும் அடைபடுகின்றன.