மூத்தம்மாவின் தமிழும் போனின் தமிழும்

வெளிநாட்டில் இருந்து வரும் பிள்ளைகள் இப்போது பேசும் ஸ்பீக்கர் ஒன்றையும் சூட்கேஸில் கொண்டு வருகிறார்கள். கண் பார்வை குறைந்த உம்மாவுக்கு, மூத்தம்மாவுக்கு உதவும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் அதை வாங்கும் முன் ஒரு விடயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கூகிளின் நெஸ்ட் ஸ்பீக்கரிலும் அமேசானின் எக்கோவிலும் மொழிப் பட்டியலைத் திறந்தால் ஹிந்தி இருக்கும், தமிழ் இருக்காது. தமிழ்ப் பாட்டின் பெயரை அவை ஓரளவு பிடிக்கும். ஆனால் சுற்றியுள்ள கட்டளை ஆங்கிலமாக இருக்க வேண்டும். மொழியை English (India) என்று வைத்தால் எங்கள் பக்கத்துப் பெயர்கள் கொஞ்சம் கூடுதலாகப் பிடிபடும். "play", "stop" என்று சொல்லப் பழகியவர்களுக்கு அது போதும். பழகாதவர்களுக்கு அந்தக் காசு வீண். தமிழில் கட்டளை வேண்டுமென்றால் கையில் இருக்கும் அன்ட்ரொயிட் போன்தான் சரி என்பது எங்கள் கருத்து.

போன வருடம் எங்கள் பாடசாலையில் மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு மாணவியின் மூத்தம்மாவுக்கு இதைச் செய்து கொடுத்தோம். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்தவர். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: நாகூர் ஹனிபாவின் பாட்டை, பேத்தி பள்ளிக்கூடம் போன நேரத்திலும் யாரையும் கெஞ்சாமல் கேட்க வேண்டும்.

முதல் வேலை மொழி. Google செயலியைத் திறந்து, மேலே இருக்கும் படத்தைத் தட்டி, Settings, பிறகு Google Assistant, பிறகு Languages. அங்கே முதல் மொழியாகத் தமிழையும் இரண்டாவதாக ஆங்கிலத்தையும் வைத்தோம். மொழியை மாற்றிய பிறகு "ஹே கூகிள்" என்ற அழைப்புக்கு அவருடைய குரலையே மீண்டும் பதிய வேண்டும். பலர் இந்த இடத்தில் பேத்தியின் குரலைப் பதிந்துவிட்டு, மூத்தம்மா கூப்பிட்டால் போன் எழும்பவில்லை என்கிறார்கள். புதிய போன்களில் இந்த இடத்துக்கு Gemini வந்துவிட்டது. அதிலும் தமிழ் உண்டு, ஆனால் பாட்டுச் செயலியின் இணைப்பைத் தனியாகத் திறந்துவிட வேண்டும்.

இனி முக்கியமான பகுதி. பாட்டைக் கேட்டுப் பாட்டு வராவிட்டால் "போனுக்குத் தமிழ் விளங்கவில்லை" என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். போன் செய்வது இரண்டு வேலை. கேட்டதை எழுத்தாக்குவது ஒன்று, அந்த எழுத்தைக் கொண்டு பாட்டைத் தேடுவது மற்றொன்று. எது பிழைத்தது என்பதைத் திரையே காட்டிவிடும். நாம் சொன்னது அங்கே எழுத்தாக ஓடும், அதை வாசியுங்கள். எழுத்து வேறாக இருந்தால் காதில் பிழை. எழுத்து சரியாக இருந்தும் வேறு பாட்டு வந்தால் தேடலில் பிழை. எழுத்தும் சரி, பாட்டின் பெயரும் சரி, ஆனால் சத்தம் இல்லை என்றால் பிழை பாட்டுச் செயலியின் அமைப்பில் இருக்கிறது.

மூத்தம்மாவின் முதல் கட்டளை "ஹனிபாட பாட்டொண்டு போடுங்களே". திரையில் வந்த எழுத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. காரணம் எளிது. இந்த உதவியாளரின் பட்டியலில் இருப்பது இந்தியத் தமிழ். அங்கே "ஹனிபா பாட்டு" என்பார்கள், "ஹனிபாட" என்ற எங்கள் வேற்றுமை அந்தக் காதுக்குப் பழக்கமில்லை. "ஒண்டு" என்பதும் அப்படித்தான். நாங்கள் கட்டளையைச் சுருக்கினோம்: "நாகூர் ஹனிபா பாட்டு போடு". எழுத்து உடனே சரியாக வந்தது.

ஆனாலும் வந்த பாட்டு வேறு யாரோ பாடியது. இது இரண்டாவது வகைப் பிழை. பாட்டுச் செயலிகளில் தமிழ்ப் பாட்டுகளின் பெயர் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் இருக்கிறது, அதுவும் ஏற்றியவர் விரும்பியபடி. Nagore, Nagoor, Hanifa, Haniffa என்று ஒருவரே பல பேராக இருப்பார். போன் எழுதுவதோ தமிழில். எங்கள் எழுத்தில் ப என்பது pa, ba, fa மூன்றுக்கும் நிற்கும். ஹனிபா என்ற எழுத்தை ஆங்கிலமாக்கும்போது அது Haniba ஆகவும் போகலாம். சினிமாப் பாட்டுக்கும் இதே கதைதான். ழ உள்ள பெயரை ஒருவர் zh என்று போடுவார், மற்றவர் l என்று போடுவார்.

இதற்கு நாங்கள் கண்ட வழி, பாட்டின் பெயரையே சொல்லாமல் விடுவது. பேத்தியை வைத்து மூத்தம்மாவுக்குப் பிடித்த பாட்டுகளைத் தேடி எடுத்து ஒரு பிளேலிஸ்ட் ஆக்கினோம். அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. "மூத்தம்மா" என்று வைத்தால் போன் "முத்தம்மா" என்று எழுதியது. வேறு சில சொற்களை அவரைக் கொண்டே பல தடவை சொல்ல வைத்து, எந்தச் சொல் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி எழுத்தாகிறது என்று பார்த்தோம். கடைசியில் "வெள்ளிக்கிழமை" வென்றது. திரையில் வந்த அதே எழுத்தில் பிளேலிஸ்டுக்குப் பெயரிட்டோம். இப்போது கட்டளை "வெள்ளிக்கிழமை பிளேலிஸ்ட் போடு". பிளேலிஸ்ட் என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. விட்டால் போன் அந்தப் பெயரில் பாட்டைத் தேடப் போய்விடும். ஆங்கிலச் சொல் வாயில் வருமா என்று பயந்தோம். ரேடியோ, கரண்ட் என்று சொல்லும் வாய்தானே, இரண்டே நாளில் வந்துவிட்டது.

மூன்றாவது வகையும் வந்தது. பாட்டு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். காசு கட்டாத யூடியூப் மியூசிக்கில் திரை அணைந்தால் பாட்டும் நிற்கும் என்பதுதான் காரணம். ஸ்பொட்டிஃபையில் இலவசக் கணக்கிலும் திரை அணைந்த பிறகு பாட்டு ஓடும், இடையில் விளம்பரம் வரும். அதனால் உதவியாளரின் Music என்ற பகுதியில் ஸ்பொட்டிஃபையை முதல் செயலியாக மாற்றி, பிளேலிஸ்டையும் அங்கே மாற்றிக் கட்டினோம். விளம்பரம் வந்தால் மூத்தம்மா ஏசுவார், அது வேறு விடயம்.

இவ்வளவும் செய்த பிறகும் எங்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. அதே போனின் கீபோர்டில் குரலால் தட்டச்சுச் செய்ய "தமிழ் (இலங்கை)" என்று தனித் தெரிவு இருக்கிறது. ஆனால் கட்டளை கேட்கும் உதவியாளரில் அந்தத் தெரிவு இல்லை. எழுத்தாக்குவதற்கு எங்கள் தமிழைத் தனியாகக் கணக்கெடுத்தவர்கள், கட்டளைக்கு மட்டும் ஏன் எங்களை விட வேண்டும்? அமைப்புப் பகுதியிலேயே Send feedback என்று இருக்கிறது. என்ன சொன்னோம், திரையில் என்ன வந்தது, இரண்டையும் எழுதி அனுப்புங்கள். "தமிழ் விளங்குதில்ல" என்று மட்டும் எழுதினால் அதை வைத்து யாரும் எதையும் திருத்த முடியாது.

வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லி வையுங்கள். "சரியாகக் கதையுங்கோ" என்று மூத்தம்மாவை அதட்டுவதை நாங்கள் எங்கள் காதாலேயே கேட்டோம். அவர் சரியாகத்தான் கதைக்கிறார். போனுக்காக நாங்கள் கட்டளையைச் சுருக்குவது, தந்திக்குச் சொல்லைக் குறைத்த மாதிரி ஒரு வசதி. பேச்சைத் திருத்துவது அல்ல.

வியாழக்கிழமை பாடசாலை விட்ட பிறகு நாங்கள் மூவரும் கணினி அறையில் இருப்போம். போனைக் கொண்டு வருவதாக இருந்தால் அதைப் பாவிக்கும் பெரியவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவருடைய குரல் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. கூகிள் கணக்கின் கடவுச்சொல்லையும் வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் முதலே கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.