முத்திரையை எங்கே ஒட்டுவது?

பட்டுப்புடவை விற்கும் சில இணையதளங்களைப் பாருங்கள். சில்க் மார்க் முத்திரை, வாடிக்கையாளர் நிறுவனங்களின் சின்னங்கள், திருப்பி எடுக்கும் உறுதி எல்லாம் பக்கத்தின் அடியில் வரிசையாக இருக்கும். அவ்வளவு தூரம் யார் போகிறார்கள்?

தயக்கம் வருவது வேறு இடத்தில். 12,000 ரூபாய் என்று பார்த்ததுமே 'அசல் பட்டுதானா?' என்று தோன்றும். சில்க் மார்க் அந்த விலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். வாங்கும் பொத்தானை அழுத்தப் போகும்போது 'நிறம் வேறாக இருந்தால்?' என்று பயம். பொத்தானுக்குக் கீழே, எத்தனை நாளில் திருப்பலாம், அனுப்பும் செலவு யாருடையது என்று ஒரே வரி போதும். நிறுவனச் சின்னங்கள் மொத்தமாக வாங்குபவர்கள் பார்க்கும் பக்கத்துக்குப் போகட்டும்.

இன்னொன்று. சில்க் மார்க் பட்டுக்குத்தான் சான்று, ஜரிகைக்கு அல்ல. அதையும் அங்கேயே சொல்லிவிடுவதுதான் நியாயம். மறைத்தால், புடவை வீட்டுக்கு வந்தபின் முத்திரையே பொய்யாகத் தெரியும்.