மாற்றாந்தாயைத் திட்டும் முன் தகப்பனைக் கேளுங்கள்

செய்தித்தாளைப் பிரித்தால் மாதம் ஒரு முறையாவது கண்ணில் படுகிறது. "மத்திய அரசு மாற்றாந்தாய் மனப்பான்மையோடு நடத்துகிறது." எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் எதிர்க்கட்சி சொல்கிற வாசகம் இது. ஓரவஞ்சனை என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதற்கு ஏன் ஊரில் உள்ள இளையதாரங்களை எல்லாம் இழுக்க வேண்டும்? "தகப்பன் மனப்பான்மை" என்று ஒருவரும் எழுதுவதில்லை. எழுத வேண்டும் என்பதுதான் என் கட்சி.

மூத்தாள் மக்களுக்கும் இளையதாரத்துக்கும் நடுவே நிற்கிறவன் ஒருவன் இருக்கிறான். அவன்தான் இரண்டு பக்கத்துக்கும் ஒரே பாலம். பாலம் உடைந்தால் அக்கரையில் நிற்பவளைக் குற்றம் சொல்கிறோம், பாலத்தைப் பார்ப்பதில்லை. இதை நான் பொதுவாகச் சொல்லவில்லை. எங்கள் சோமனூர்ப் பக்கம் ஒரு வீட்டில் கண்ணால் பார்த்தது. அதில் எனக்கும் பங்கு உண்டு.

அவர் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். பதினாறு விசைத்தறி வைத்துக் கூலிக்கு நெய்தவர். 1993-இல் அவர் சம்சாரம் காய்ச்சலில் இறந்துபோனது. பையனுக்குப் பத்து வயது, பெண்ணுக்கு ஆறு. ஒன்றரை வருடம் கழித்து இரண்டாந்தாரம் பார்க்கக் கிளம்பியபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பெண்ணின் தகப்பனார் முதலில் கேட்டதே, "குழந்தைக யாருகிட்டங்க இருக்கும்?" என்றுதான். நண்பர் யோசிக்காமல், "அம்மிச்சி வீட்டுலயே வளருமுங்க, அவங்க விடமாட்டேங்கறாங்க" என்றார். அது பொய் என்று எனக்குத் தெரியும். காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் குழந்தைகள் இரண்டும் பெட்டியோடு வந்து இறங்கின. அவற்றிடம் அவர் சொல்லி வைத்திருந்தது வேறு: "சித்தி உங்களைப் பாத்துக்கறதுக்குன்னே வந்திருக்காங்க." அதாவது அந்தப் பெண்ணுக்கு இந்தக் குழந்தைகள் எதிர்பாராத பாரம். குழந்தைகளுக்கோ அவள் சொன்ன வாக்கைக் காப்பாற்றாதவள். இருவரும் ஒரு வார்த்தை பேசும் முன்பே இருவருக்கும் நடுவில் ஒரு பொய் உட்கார்ந்துவிட்டது. வைத்தது யார்?

இராமாயணத்தில் கைகேயியைத் திட்டாத வாய் இல்லை. வால்மீகியைப் படித்தவர்களுக்கு ஒன்று தெரியும். கைகேயியைக் கட்டும்போது அவள் மகனுக்கே ராஜ்யம் என்று தசரதர் அவள் தகப்பனாருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். காட்டில் ராமனே பரதனிடம் இதைச் சொல்கிறான். அந்த வாக்கை மறைத்து, பரதன் மாமன் வீட்டில் இருக்கும்போது பட்டாபிஷேகத்துக்கு நாள் குறித்தார். கைகேயிக்குச் செய்தி கூனி வாயால் போய்ச் சேர்ந்தது. மனைவிக்குப் புருஷன் சொல்ல வேண்டியதைக் கூனி சொன்னால் அது கூனி சொல்கிற மாதிரிதான் இருக்கும்.

நண்பர் வீட்டிலும் கூனிகளுக்குக் குறைச்சல் இல்லை. முதல் சண்டை நகையில் வந்தது. மூத்தவர் விட்டுப்போன பன்னிரண்டு பவுனை எடுத்து, "இனி எல்லாம் உனக்குத்தான்" என்று புது மனைவியின் கழுத்தில் போட்டார். அம்மாவின் சங்கிலியை அடையாளம் கண்டுகொண்ட பெண் குழந்தை இரண்டு நாள் சாப்பிடவில்லை. "வந்ததும் வராததுமா நகையைப் புடுங்கிக்கிட்டா" என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அவள் கேட்கவே இல்லை.

இந்த இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, உயில் எழுதாமல் இறந்த பெண்ணின் சொத்து அவள் பிள்ளைகளுக்கும் புருஷனுக்கும் சம பங்கு. பன்னிரண்டு பவுன் என்றால் பையனுக்கு நாலு, பெண்ணுக்கு நாலு, அவருக்கு நாலு. எட்டுப் பவுன் அவருடையதே இல்லை. தன்னுடையது அல்லாததைத் தானம் செய்து நல்ல பெயர் வாங்கினார், கெட்ட பெயரை அவள் கழுத்தில் மாட்டினார். அந்த எட்டுப் பவுனைத் தனியே முடிந்து, "இது உங்க அம்மாவோடது, உங்களுக்கு" என்று குழந்தைகள் முன்னால் சித்தி கையிலேயே கொடுத்து வைக்கச் சொல்லியிருந்தால், நகையே அவர்களை ஒட்ட வைத்திருக்கும்.

பிறகு தினசரி நாடகம். பையன் பள்ளிக்கூடம் மட்டம் போட்டால், "நீயே கண்டிச்சுக்க, நான் தறிக்குப் போறேன்" என்பார் மனைவியிடம். அவள் கண்டிப்பாள். ராத்திரி பையன் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "சித்தி அப்பிடித்தாஞ் சாமி, பொறுத்துக்க" என்பார். மனைவியிடம் போய், "தாயில்லாப் புள்ளைக, கெடுத்து வச்சிருக்காங்க அம்மிச்சி வீட்டுல" என்பார். மூன்று பேருக்கும் நல்லவர். பெண்ணுக்குச் சீர் வந்தபோது தாய்மாமன் தட்டோடு வாசலில் நிற்கிறார். எதிர்கொண்டு அழைக்க வேண்டிய நேரத்தில் இவர் பாவு நூல் வாங்கப் போய்விட்டார். இவள் அடுக்களையில் நின்றாள். முன்னே வந்தால் "இவ யாரு" என்பார்கள், வராவிட்டால் "திமிர்" என்பார்கள். மாமனை அழைத்து உட்கார வைத்து, "இவங்க எம் பொஞ்சாதி, நீங்க இவங்களுக்கும் அண்ணன்" என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷம் அவருக்குக் கிடைக்கவில்லை.

எனக்கு இன்றும் ஆறாதது வேறொன்று. பையனுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்த சமயம், கூலி உயர்வு கேட்டுத் தறிகள் எல்லாம் நின்றிருந்தன. வீட்டில் காசு இல்லை. அவள் பிறந்த வீட்டில் போட்ட எட்டுப் பவுனை, மூத்தாள் நகையை அல்ல, தன் நகையைக் கழற்றிக் கொடுத்தாள். அடகு வைத்த நகை கடைசி வரை திரும்பவில்லை. பையனிடம் அவர் சொன்னது "பேங்குல லோன் போட்டேன்". ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "பொம்பளை நகையில படிக்க வச்சேன்னு தெரிஞ்சா கௌரவம் என்னாகறதுங்க?" என்றார். அவளுடைய கோபம் மட்டும் பையனுக்குப் போய்ச் சேர்ந்தது, அவள் கொடுத்தது போய்ச் சேரவில்லை.

2011-இல் மாரடைப்பில் போய்விட்டார். உயில் இல்லை. வீடும் தறிக்கூடமும் அவர் சுயமாகச் சம்பாதித்தவை. இளையதாரம், மூத்தாள் மக்கள் இருவர், இளையாள் மகன் ஒருவன் என்று நாலு சம பங்கு. கணக்கு சரிதான். ஆனால் மூத்தவர்கள் பார்த்த கணக்கு இது: சித்தியும் அவள் மகனும் சேர்ந்தால் பாதி. சித்தி உயில் எழுதாமல் இறந்தால் அவள் பங்கு அவள் வயிற்றில் பிறந்தவனுக்கே போகும். 15-ஆம் பிரிவில் "மகன்" என்றால் மாற்றான் மகன் சேர்த்தி இல்லை என்று 1987-இல் உச்ச நீதிமன்றம் லச்மன் சிங் வழக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அவளுக்குப் பிள்ளையே இல்லாமல் இருந்திருந்தால் மட்டும், புருஷனுடைய வாரிசுகள் என்ற வழியில் இவர்களுக்கு வந்திருக்கும்.

அவள் பக்கத்திலும் பயம் இருந்தது. சொந்த மகன் அப்போது பள்ளியில் படிக்கிறான். வளர்த்த பையன் சோறு போடுவானா? ஜீவனாம்சச் சட்டத்தில் "தாய்" என்ற சொல்லில் மாற்றாந்தாய் சேரமாட்டாள், பிள்ளை இல்லாத, கணவனும் காப்பாற்ற வழியில்லாத மாற்றாந்தாய் மட்டும் கேட்கலாம் என்று 1996-இல் குஜராத் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2007-இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம்தான் "பெற்றோர்" என்பதில் மாற்றாந்தாய், மாற்றாந்தகப்பன் இருவரையும் சேர்த்தது. கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். சட்டம் ஒரு இடத்தில் தாய் என்கிறது, இன்னொரு இடத்தில் இல்லை என்கிறது. இந்த ஓட்டையை அடைக்க ஒரே ஒருவரால் முடியும். அவர் உயிரோடு இருக்கும்போது ஒரு காகிதத்தில் எழுதியிருக்க வேண்டும். "இப்ப எழுதினா ரெண்டு பக்கமும் சண்டை வருமுங்க" என்று தள்ளிப் போட்டார். சண்டை வரத்தான் செய்தது. அதைக் கேட்டு நடுவில் நிற்க அவர் இல்லை.

"கொடுமைக்கார சித்திகள் இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். சூடு போட்டவர்களையும் பட்டினி போட்டவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அந்த வீடுகளிலும் ஒரு தகப்பன் இருந்தான். குழந்தையின் கையில் இருந்த தழும்பு அவன் கண்ணில் படாமலா போயிற்று? பட்டும் தறிச் சத்தத்தில் காதை வைத்துக்கொண்டான். அவனைப் பற்றி ஊர் சொன்னது, "பாவம், நல்ல மனுசன்."

பெண் மறுமணம் செய்தால் இந்த நாடகமே வேறு. குழந்தையை அம்மிச்சி வீட்டில் விட்டுவிட்டு வா என்பதுதான் முதல் நிபந்தனை. கூட்டிக்கொண்டு போனால், நடுவில் நிற்கிற அவளுக்கு "நல்ல மனுஷி" பட்டம் கிடைப்பதில்லை. புருஷன் கை ஓங்கினாலும் அவள் குற்றம், குழந்தை முறைத்தாலும் அவள் குற்றம். ஆண் நின்றால் பாவம், பெண் நின்றால் பழி.

நண்பர் வீட்டுப் பங்கு பிரிவினை இரண்டு வருடம் இழுத்தது. கடைசியில் பேச்சுவார்த்தைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அன்று அந்த அம்மா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னது: "ஏனுங்ண்ணா, பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு நீங்க ஒரு வார்த்தை நெசத்தைச் சொல்லியிருந்தா நான் வேண்டாம்னு சொல்லியிருக்க மாட்டேனுங்க. மனசைத் தயார் பண்ணிக்கிட்டு வந்திருப்பேன்."

நான் பதில் சொல்லவில்லை. வெளியே வந்து, திண்ணையில் உட்கார்ந்திருந்த பையனிடம் அந்த எட்டுப் பவுன் கதையைச் சொன்னேன். முப்பது வயது ஆள். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "ஏன் மாமா, இத்தனை வருசம் யாரும் சொல்லலை?" என்றான். சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை, தெரிந்த நானும் சொல்லவில்லை என்றேன். அன்று தறிக்கூடத்தில் தன் பங்கைத் தம்பி பெயருக்கு விட்டுக்கொடுத்தான். தங்கை கொடுக்கவில்லை. அம்மாவின் சங்கிலி அவளுக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது, அவளை நான் குறை சொல்லமாட்டேன்.

இரண்டாந்தாரம் பார்க்கப் போகும் வயசாளிகள் என் வாசகர்களில் யாராவது இருப்பீர்கள், மாப்பிள்ளையோடு துணைக்குப் போகிறவர்களாக. காப்பி டம்ளரைப் பார்க்காதீர்கள். குழந்தைகள் யாரோடு இருக்கும், மூத்தாள் நகை யாருக்கு, வீடு யார் பெயருக்கு என்று மூன்று கேள்வியை நீங்களே அந்தக் கூடத்தில் கேளுங்கள். மாப்பிள்ளை தடுமாறினால் கல்யாணத்தைத் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.