வெளிநாட்டு ஆர்டர்: வாசலில் வரி கேட்டால் யார் கட்டுவது? சிறு கடை இணையதளங்கள் கவனிக்க வேண்டியவை

"பார்சல் வந்துடுச்சு, ஆனா வரி கட்டினாத்தான் தருவாங்களாம். நீங்க சைட்ல சொல்லவே இல்லையே?" அமெரிக்காவுக்குப் பொருள் அனுப்பும் சிறு கடைக்காரர்கள் பலர் இப்போது கேட்கும் கேள்வி இது.

காரணம் தெரிந்ததுதான். 800 டாலர் வரையிலான பார்சல்களுக்கு இருந்த இறக்குமதி வரி விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் அமெரிக்கா நிறுத்திவிட்டது. வரியை யார் வசூலிப்பது என்ற குழப்பத்தில் இந்திய அஞ்சல் துறை அமெரிக்க பார்சல் சேவையையே நிறுத்தி வைத்தது. அக்டோபர் 15-ல் மீண்டும் தொடங்கியபோது, வரியை அனுப்புபவரிடமே முன்கூட்டி வாங்கும் முறை வந்தது. ஆக, பழைய கணக்கில் விலை போட்டிருக்கும் இணையதளம் இன்று நஷ்டத்தையோ சண்டையையோ கொண்டுவரும்.

கூரியர் கட்டணம் ஏன் எகிறுகிறது?

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். பொம்மை செட் விலை 4,000 ரூபாய், எடை 2 கிலோ. கூரியருக்குக் கிலோவுக்கு 700 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,400 ரூபாய்தானே? இல்லை. கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் அளவையும் பார்க்கும். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பதுதான் வழக்கம். இதற்கு 'வால்யூமெட்ரிக் எடை' என்று பெயர். நிஜ எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம்.

பெட்டி 40×30×25 என்றால் 6 கிலோ. கட்டணம் 4,200 ரூபாய். இணையதளத்தில் 2 கிலோவுக்கு வாங்கியிருந்தால் 2,800 ரூபாய் கைக்காசு. பொம்மையின் பாகங்களைக் கழற்றி 30×25×20 பெட்டியில் அடுக்க முடிந்தால் 3 கிலோதான். கட்டணம் 2,100 ஆகக் குறையும். அதனால் தளத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் எடையோடு, பேக் செய்த பெட்டியின் அளவையும் பதிய வேண்டும்.

வரியை யார் கட்டுவது?

இரண்டு வழிகள். பொருளைப் பெறுபவர் கட்டுவது ஒன்று, இது 'டிஏபி'. விற்பவரே முன்கூட்டிக் கட்டுவது மற்றொன்று; இது 'டிடிபி'. முதல் வழியில் வாடிக்கையாளர் கட்ட மறுத்தால் பொருள் திரும்பும். திரும்பி வரும் செலவு பெரும்பாலும் கடைக்காரர் தலையில்தான்.

டிடிபி கணக்கு இப்படி இருக்கும். வரி 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 4,000-க்கு 800 ரூபாய். வரியை முன்கூட்டிக் கட்டித் தருவதற்கான கூரியர் சேவைக் கட்டணம் 1,200 என்போம். சிறிய பெட்டியில் அனுப்பினால் மொத்தம் 8,100 ரூபாய். அதாவது பொருளின் விலையைப் போல இரண்டு மடங்கு! இதை செக்-அவுட் பக்கத்திலேயே காட்டிவிட்டால், வாங்குபவர் அங்கேயே முடிவு செய்துகொள்வார்.

உண்மையான விகிதம் நாட்டையும் எச்எஸ் குறியீட்டையும் பொறுத்தது. விளையாட்டுப் பொம்மைகள் 9503 என்ற தலைப்பில் வரும். அலங்காரப் பொருளாக வகைப்படுத்தினால் தலைப்பும் வரியும் மாறலாம். அமெரிக்காவில் சரக்குக் கட்டணத்தைச் சேர்க்காமல் வரி போடுகிறார்கள். பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் அதையும் சேர்த்தே சுங்க மதிப்பு கணக்கிடப்படுகிறது.

டாலரில் காட்டினால் போதுமா?

போதாது. பல தளங்களில் டாலர் விலை வெறும் காட்சிக்குத்தான். கார்டில் கழிவது ரூபாயில். அப்போது வாடிக்கையாளரின் வங்கி தன் விகிதத்தில் மாற்றி, அந்நியச் செலாவணிக் கட்டணமும் சேர்க்கலாம். தளம் 95 டாலர் என்று காட்டியிருக்க, ஸ்டேட்மென்ட்டில் 98 வந்தால் ஏமாற்றிவிட்டதாகவே நினைப்பார். உங்கள் பேமென்ட் கேட்வே டாலரிலேயே வசூலிக்கிறதா என்று ஒரு சோதனை ஆர்டர் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால், 'கட்டணம் ரூபாயில் வசூலிக்கப்படும்' என்று விலைக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

'கிஃப்ட்னு போட்டு அனுப்புங்க' என்றால்?

பழக்கமான வாடிக்கையாளர்களே இப்படிக் கேட்பார்கள். சுங்கப் படிவத்தில் கையெழுத்துப் போடுவது நீங்கள். விற்ற பொருளைப் பரிசு என்பதும், விலையைக் குறைத்துக் காட்டுவதும் பொய்த் தகவல். பார்சல் முடங்கலாம், அபராதமும் வரலாம். பார்சல் தொலைந்தால், குறைத்து எழுதிய விலைக்கு மேல் இழப்பீடு கிடைப்பது கஷ்டம்.

வரி விகிதங்கள் அடிக்கடி மாறுகின்றன. அதனால் எண்களைத் தளத்தில் நிரந்தரமாக எழுதி வைக்காமல், கூரியர் நிறுவனத்திடமோ அஞ்சலகத்திடமோ அன்றைய விகிதத்தைக் கேட்டு மாற்றுங்கள். வரி யார் பொறுப்பு என்ற ஒரு வரி மட்டும், 'பணம் செலுத்து' பொத்தானுக்கு மேலே எப்போதும் இருக்கட்டும்.